உப்பு விலை ஏறினாலும் விற்பனை ஏன் குறைவதில்லை? விலை நெகிழ்ச்சியை உப்பின் வழியே பார்ப்போம்

கேள்வி: "பொருளாதாரப் பாடத்தில் விலை நெகிழ்ச்சி வரும் இடத்தில் எல்லாம் உப்பைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். விலை ஏறினாலும் உப்பு விற்பனை குறையாதாம். ஏன் குறையாது? அப்படியென்றால் உப்புக்கு எவ்வளவு விலை வேண்டுமானாலும் வைக்கலாமா?"

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு பொருளின் விலை எத்தனை சதவீதம் மாறியது, அதனால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறியது என்று பார்த்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதே தேவையின் விலை நெகிழ்ச்சி. ரூபாயிலோ கிலோவிலோ கணக்கிடாமல் சதவீதத்தில் கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. உப்பைக் கிலோவிலும் பாலை லிட்டரிலும் பஸ் பயணத்தை டிக்கெட்டிலும் அளக்கிறோம். சதவீதம் என்று வந்துவிட்டால் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ஒரு தெருவுக்கே ஒரே மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 500 பாக்கெட் உப்பு போகிறது, கிலோ 20 ரூபாய். எல்லா கம்பெனிகளின் உப்பும் ஒரே நேரத்தில் 25 ரூபாய் ஆகிறது. விலை ஏற்றம் 25 சதவீதம். அடுத்த மாதம் 490 பாக்கெட் விற்கிறது. விற்பனைக் குறைவு 2 சதவீதம். இரண்டை இருபத்தைந்தால் வகுத்தால் 0.08. விலை ஏற, அளவு இறங்குவதால் முன்னால் கழித்தல் குறி வரும். அதை நினைவில் வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் சொல்வது வழக்கம். இந்த எண் 1-க்குக் கீழே இருந்தால் தேவை நெகிழ்ச்சி குறைந்தது. 1-க்கு மேலே போனால் நெகிழ்ச்சி மிகுந்தது.

1 என்பது ஏன் எல்லைக்கோடு? கடைக்காரரின் கல்லாவைப் பாருங்கள். முன்பு 500 பாக்கெட்டை 20 ரூபாய்க்கு விற்றதில் 10,000 ரூபாய் வந்தது. இப்போது 490 பாக்கெட்டை 25 ரூபாய்க்கு விற்றதில் 12,250 ரூபாய் வருகிறது. குறைவாக விற்றும் வசூல் கூடிவிட்டது. நெகிழ்ச்சி 1-க்குக் கீழே இருக்கும்வரை விலையேற்றம் வசூலைக் கூட்டும். 1-ஐத் தாண்டினால் அதே விலையேற்றம் வசூலைக் குறைக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அரசுகள் ஏன் காலங்காலமாக உப்பின் மேல் கண் வைத்தன என்பது புரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது "ஏன் குறையாது" என்ற கேள்வி. "உப்பு அத்தியாவசியம், அதனால் குறையாது" என்று ஒரு வரியில் பாடநூல்கள் முடித்துவிடுகின்றன. அது போதாத விளக்கம். அரிசியும் அத்தியாவசியம்தான். ஆனால் அரிசி விலை ஏறினால் ஏழைக் குடும்பங்கள் ரேஷன் அரிசிக்கோ மலிவான ரகத்துக்கோ கோதுமைக்கோ மாறுகின்றன. உப்பில் மூன்று காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. மூன்றும் சேர்ந்திருப்பதுதான் அதன் தனித்தன்மை.

முதலாவது, உப்பு வேண்டிய அளவை நாக்கு முடிவு செய்கிறது. சாம்பாருக்கு இவ்வளவு என்ற அளவு கையில் பழகியிருக்கிறது. விலை பாதியானால் இரண்டு மடங்கு போட முடியாது, இரட்டிப்பானால் பாதி போடவும் முடியாது. விலை இறங்கும்போதும் விற்பனை கூடுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாம்பழம் மலிவாகக் கிடைத்தால் வீட்டில் இரண்டு பழம் கூடுதலாகத் தின்பார்கள். உப்பு மலிவாகக் கிடைத்தது என்பதற்காக யாரும் கூடுதல் உப்புச் சாப்பாடு சாப்பிடுவதில்லை. நெகிழ்ச்சி குறைவு என்றால் இரண்டு திசையிலும் குறைவு.

இரண்டாவது, அதன் இடத்தில் வைக்க வேறொன்று இல்லை. காபி விலை ஏறினால் டீ குடிக்கலாம். புளிப்புக்குப் புளி இல்லாவிட்டால் எலுமிச்சையோ தக்காளியோ உண்டு. உப்புக் கரிப்புக்கு உப்புதான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்புகள் கடையில் இருந்தாலும் அவை சாதாரண உப்பைவிட விலை அதிகம். மருத்துவக் காரணத்துக்காக வாங்குபவர்களே அதிகம். சாதாரண உப்பு விலை ஏறுகிறது என்று அவற்றுக்கு யாரும் ஓடப்போவதில்லை.

மூன்றாவது காரணம்தான் மிக முக்கியம் என்பது என் கருத்து. குடும்பச் செலவில் உப்பின் பங்கு மிகச் சிறியது. நான்கு பேர் உள்ள வீட்டில், ஊறுகாய் எல்லாம் சேர்த்து, ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து கிராம் செலவாகிறது என்று கொள்வோம். மாதத்துக்கு 1.2 கிலோ. கிலோ 25 ரூபாய் என்றால் 30 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் செலவு செய்யும் குடும்பத்தில் இது ஆயிரத்துக்கு இரண்டு ரூபாய். விலை இரட்டிப்பானால்கூடக் கூடுதல் சுமை மாதத்துக்கு 30 ரூபாய்தான். அதற்காகச் சமையலை மாற்றிக்கொள்ள யாரும் முனைவதில்லை. பலர் விலை ஏறியதைக் கவனிப்பதுகூட இல்லை.

மூன்றாவது காரணத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் இரண்டும் உப்பின் இயல்பு. இது மட்டும் உப்பின் இயல்பல்ல. வாங்குபவரின் வருமானமும் அன்றைய விலையும் மாறினால் இதுவும் மாறிவிடும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு விலை வேண்டுமானாலும் வைக்கலாமா? யார் வைக்கிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

மேலே சொன்ன கடையில் விற்கும் 500 பாக்கெட்டில் 200 ஒரே கம்பெனியுடையது என்று வையுங்கள். இம்முறை அந்தக் கம்பெனி மட்டும் 20 ரூபாயை 25 ஆக்குகிறது. மற்றவை 20-லேயே நிற்கின்றன. அடுத்த மாதம் அதன் விற்பனை 80 பாக்கெட்டாக இறங்குகிறது. 25 சதவீத விலையேற்றத்துக்கு 60 சதவீத வீழ்ச்சி, நெகிழ்ச்சி 2.4. வசூல் 4,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகச் சரிகிறது. தெருவில் யாரும் உப்பைக் குறைக்கவில்லை, கடையின் மொத்த உப்பு விற்பனை ஏறக்குறைய அதே 500 தான். 120 பாக்கெட் பக்கத்துத் தட்டில் இருந்த வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. உப்புக்கு மாற்று இல்லை; ஆனால் ஒரு கம்பெனியின் உப்புக்கு மற்ற எல்லாக் கம்பெனிகளின் உப்பும் மாற்று. எனவே தேர்வில் "உப்பின் நெகிழ்ச்சி" என்று வந்தால், எந்த உப்பு, எந்தச் சந்தையில், எந்த விலையில் என்பதைக் கேட்காமல் விடை எழுதக் கூடாது. பொருளை எவ்வளவு குறுக்கி வரையறுக்கிறோமோ, நெகிழ்ச்சி அவ்வளவு ஏறும்.

தூத்துக்குடி உப்பளங்களில் இதே சங்கதி இன்னும் கடுமையாக வெளிப்படுகிறது. அங்கே உப்பு வெயிலில் விளைகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உற்பத்தி நின்றுவிடும். பருவம் தவறிப் பெய்யும் மழை பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பைக் கரைத்துவிடும். எந்த ஆண்டு எவ்வளவு விளையும் என்பது வானத்தின் கையில். வாங்கும் பக்கமோ அசைந்துகொடுப்பதில்லை. இரண்டும் மோதினால் விலை துள்ளும். கணக்காகப் பாருங்கள்: மொத்த உப்புத் தேவையின் நெகிழ்ச்சி 0.1 என்று கொண்டால், வரத்து 5 சதவீதம் குறைந்த ஆண்டில் அந்த 5 சதவீத அளவுக்கு வாங்குபவர்களை விலகச் செய்ய விலை 50 சதவீதம் ஏற வேண்டும். மறுபக்கம், நல்ல வெயில் அடித்து வரத்து 5 சதவீதம் கூடினால், அந்தக் கூடுதலை விற்றுத் தீர்க்க விலை பாதியாக இறங்க வேண்டும். விளைச்சல் அமோகமாக இருந்த ஆண்டு உப்பள உரிமையாளருக்கு நஷ்ட ஆண்டாக முடிவது இதனால்தான். 105 மூட்டையைப் பாதி விலைக்கு விற்றால் 100 மூட்டையின் பழைய வசூலில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலே கிடைக்கும்.

நடைமுறையில் விலை இவ்வளவு துள்ளாமல் தடுப்பவை இரண்டு. ஒன்று, உப்பு கெட்டுப்போவதில்லை. அம்பாரமாகக் குவித்து, மேலே ஓலை வேய்ந்து மூடி, விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். இருப்பு வைக்கக் கையில் பணம் உள்ளவருக்கு மட்டும் இது பயன்படும். கடன் வாங்கி உப்பளம் நடத்தும் சிறு உற்பத்தியாளர் அன்றன்றைய விலைக்கே தள்ளிவிட வேண்டியவராக இருக்கிறார். இன்னொன்று குஜராத். இந்திய உப்பில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. தூத்துக்குடியில் விலை ஓர் அளவைத் தாண்டினால், சரக்குக் கூலி கொடுத்தும் குஜராத் உப்பை இறக்குவது வியாபாரிக்குக் கட்டுபடியாகிறது. ஆக, இந்திய உப்புக்கான தேவை நெகிழாதது, தூத்துக்குடி உப்புக்கான தேவை நெகிழக்கூடியது. கம்பெனி பாக்கெட் உதாரணத்தில் பார்த்த அதே விதிதான்.

உப்பளத்து விலை துள்ளினாலும் நம் பாக்கெட் விலை ஏன் துள்ளுவதில்லை என்று கேட்கலாம். டன் 2,000 ரூபாய்க்குப் போகும் உப்பு கிலோவுக்கு 2 ரூபாய்தான். கழுவுவது, அரைப்பது, அயோடின் சேர்ப்பது, பாக்கெட் போடுவது, லாரி வாடகை, விளம்பரம், கடைக்காரர் லாபம் ஆகியவையே மீதி. உப்பளத்தில் விலை இரட்டித்து 4 ரூபாய் ஆனாலும் 25 ரூபாய் பாக்கெட்டில் அது 2 ரூபாய் ஏற்றம், அதாவது 8 சதவீதம். வெயிலில் பாத்தி மிதிக்கும் தொழிலாளிக்கு வாழ்வா சாவா என்று இருக்கும் விலைமாற்றம் சமையலறையை எட்டும்போது கண்ணுக்கே தெரியாத அளவாகிவிடுகிறது.

சரி, போட்டியே இல்லாமல் ஒரே கையில் உப்பு முழுவதும் இருந்தால்? அப்போது விலையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியுமா? இதற்குக் கற்பனை உதாரணம் தேவையில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் அது பல தலைமுறைகள் நடந்தது.

தேவை நெகிழ்ச்சி என்ற கருத்துக்கு 1890-இல் திட்டமான வடிவம் கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் ஆல்பிரட் மார்ஷல். உப்பைப் பற்றி அவர் சொன்னதில் பாதியை மட்டுமே நம் பாடநூல்கள் எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் உப்புக்கான தேவை மிகவும் நெகிழ்ச்சி குறைந்தது என்றவர், இந்தியாவில் அதன் விலை மிக உயர்ந்திருப்பதால் அங்கே தேவை ஒப்பீட்டளவில் நெகிழ்ச்சி உடையது என்றும் சேர்த்துச் சொன்னார். இந்தியாவை உப்பின் விதிவிலக்காக அந்தக் கருத்தைத் தந்தவரே காட்டினார். நாமோ நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தின் விடையை மட்டும் கற்பித்துக்கொண்டிருக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

விலை ஏன் அவ்வளவு உயர்ந்திருந்தது? வரி. 1888-இல் உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாய் ஆக்கப்பட்டது. அந்த மணங்கு சுமார் 37 கிலோ, நாற்பது சேர். இரண்டரை ரூபாய் என்றால் நாற்பது அணா. எனவே சேருக்கு ஓர் அணா வரி என்று சுலபமாக நினைவில் கொள்ளலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 25 சேர் வாங்கினால் வரி மட்டும் 25 அணா. தினக்கூலி ஒரு சில அணாக்களாக இருந்த காலத்தில் அது பல நாட்களின் உழைப்பு. நம் காலத்துக் குடும்பத்துக்கு ஆயிரத்தில் இரண்டு என்று பார்த்தோமே, அந்த மூன்றாவது காரணம் அன்றைய கூலிக்காரருக்குப் பொருந்தவே இல்லை. முதல் இரண்டு காரணங்கள் அப்படியே இருந்தன. நாக்கும் மாறவில்லை, மாற்றும் கிடையாது. பணம் மட்டும் போதவில்லை.

கோபால கிருஷ்ண கோகலே 1902-இல் வைஸ்ராயின் சட்டசபையில் வரவுசெலவுத் திட்டத்தின் மீது பேசியபோது இந்த வரியைக் கடுமையாகத் தாக்கினார். வரி கூடியதால் ஏழை மக்களின் உப்பு நுகர்வு நசுங்கிக்கிடக்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டிலிருந்து வரி இறங்கியது. 1903-இல் இரண்டு ரூபாய், 1905-இல் ஒன்றரை, 1907-இல் ஒரு ரூபாய். 1903-க்கும் 1908-க்கும் இடையே பதிவான நுகர்வு சுமார் கால் பங்கு கூடியது.

இதிலிருந்து நெகிழ்ச்சியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கில் வழுக்கும் இடங்களும் இங்கே நன்றாகத் தெரியும்.

முதல் வழுக்கல்: வரி 60 சதவீதம் குறைந்தது என்பதற்காக விலை 60 சதவீதம் குறைந்தது என்று கொள்ளக் கூடாது. வாங்குபவர் கொடுத்தது வரியை மட்டுமல்ல. உற்பத்திச் செலவு, வண்டிக்கூலி, வியாபாரி லாபம் எல்லாம் அதில் உண்டு. இடத்துக்கு இடம் மாறும் அவற்றை மணங்குக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் விலை மூன்றரை ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய்க்கு இறங்கியது.

இரண்டாவது வழுக்கல்: மக்கள்தொகையும் வளர்ந்தது. 1901-க்கும் 1911-க்கும் இடையே வளர்ச்சி 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்தாண்டுக்கு 3 சதவீதம் எனக் கழித்தால், தலைக்கு நுகர்வு 100-லிருந்து சுமார் 121 ஆகிறது.

மூன்றாவது, சதவீதத்தை எதிலிருந்து எடுப்பது? மூன்றரையிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 43 சதவீதக் குறைவு; இரண்டிலிருந்து மூன்றரைக்கு ஏறினால் 75 சதவீத உயர்வு. ஒரே தூரத்துக்கு இரண்டு எண்கள். சிறிய மாற்றங்களில் இந்த வேறுபாடு தெரியாது, பெரிய மாற்றத்தில் விடையையே புரட்டிவிடும். அதனால் இரண்டின் நடுவை அடியாகக் கொள்கிறோம். விலையின் நடு 2.75 ரூபாய், மாற்றம் 1.5, அதாவது சுமார் 55 சதவீதம். அளவின் நடு 110.5, மாற்றம் 21, அதாவது 19 சதவீதம். வகுத்தால் 0.35. வரி தவிர்த்த செலவை ஒரு ரூபாய்க்குப் பதில் இரண்டு ரூபாய் என்று கொண்டால், விலை நாலரையிலிருந்து மூன்றுக்கு இறங்கியதாகும். அதே முறையில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 0.5 வரும். நம் மளிகைக் கடையின் 0.08 எங்கே, இது எங்கே! மார்ஷல் சொன்னதை எண்கள் ஆமோதிக்கின்றன.

ஆனாலும் 1-க்குக் கீழேதான். அதனால் அரசின் கணக்கு என்ன ஆனது? முன்பு 100 மணங்குக்கு இரண்டரை வீதம் 250 ரூபாய் வரி. பின்பு 125 மணங்குக்கு ஒரு ரூபாய் வீதம் 125 ரூபாய். கால் பங்கு கூடுதலாக விற்றும் வரி வருமானம் பாதியாகிவிட்டது. பணம் தேவைப்பட்டபோதெல்லாம் அரசு உப்பை நோக்கித் திரும்பியதன் காரணம் இந்தக் கணக்குத்தான். 1916-இல் வரி மீண்டும் ஒன்றேகால் ரூபாய் ஆனது. 1923-இல் அதை இரட்டித்து இரண்டரை ஆக்க முனைந்தபோது சட்டசபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். அடுத்த ஆண்டே பழைய அளவுக்கு இறக்க வேண்டியதாயிற்று. 1930-இல் காந்தி தண்டிக்கும் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கும் நடந்தது இந்த வரியை எதிர்த்துத்தான். நெகிழ்ச்சி குறைந்த பொருளின் மேல் போடும் வரியிலிருந்து அதை வாங்குபவர் தப்பவே முடியாது, அதிலும் ஏழைக்கு வருமானத்தில் அதன் பங்கு அதிகம். கஜானாவுக்கு எது வசதியோ அதுவே ஏழைக்கு அநியாயமானது. 1947-இல்தான் இந்த வரி ஒழிந்தது.

அந்தக் கூடுதல் 21 சதவீத உப்பு எங்கே போனது? எல்லாம் சோற்றுத் தட்டுக்குப் போயிருக்காது. உப்பின் உபயோகங்கள் எல்லாம் ஒரே இறுக்கமானவை அல்ல. குழம்பு உப்பில் கைவைக்க முடியாதவர், விலை ஏறினால் மாட்டுக்கு வைக்கும் உப்பைக் குறைப்பார். கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் போடுவதைக் குறைப்பார். விலை இறங்கினால் இவைதான் முதலில் கூடும். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் இது தெரிந்திருந்தது. சென்னை மாகாணக் கடற்கரையில் மீன் பதப்படுத்தும் தனி முற்றங்களை அமைத்து, அங்கே மட்டும் வரியில்லாத உப்பைக் கொடுத்தார்கள். முழு வரி கட்டி வாங்கிய உப்பில் கருவாடு போட்டால் கட்டுபடியாகாது. மீன் வீணாகும் அல்லது திருட்டு உப்பு தேடப்படும் என்பதே காரணம்.

இந்தத் திருட்டு உப்பு கணக்கையே கலைக்கக்கூடியது. கடலோரத்தில் உப்பு தானாகவே படியும். உள்நாட்டில் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சினால் கிடைக்கும். இரண்டும் சட்டப்படி குற்றம். வரி உயர உயர, மக்கள் அந்த உப்பை நாடுவது கூடும். அரசுப் பதிவேட்டில் விற்பனை குறையும். வரி இறங்கினால் சட்டப்படியான உப்புக்குத் திரும்புவார்கள். பதிவேட்டில் விற்பனை ஏறும். உண்மையில் உண்ட உப்பு அவ்வளவு மாறியிருக்காது. ஆகவே நம் 0.35 முதல் 0.5 வரையிலான எண்ணில் ஒரு பங்கு உண்மையான நுகர்வு மாற்றம், இன்னொரு பங்கு கள்ள உப்பிலிருந்து நல்ல உப்புக்கு நடந்த இடமாற்றம். உப்பில் ஏகபோகம் வைத்திருந்தவருக்கும் ஒரு போட்டி இருந்தது. அது மண்ணுக்குள்ளும் கடற்கரையிலும் கிடந்தது. வட இந்தியாவில் மலிவான உப்பு எல்லை தாண்டி வருவதைத் தடுக்க, சிந்து நதிப் பக்கத்திலிருந்து ஒடிசா எல்லைப் பக்கம் வரை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டருக்கு ஒரு சுங்க வேலி போட்டிருந்தார்கள். அதன் பெரும்பகுதி முள் புதர்களால் ஆனது. ஆயிரக்கணக்கானோர் அதைக் காவல் காத்தார்கள். 1879-இல்தான் அதைக் கைவிட்டார்கள். உப்புக்கான தேவை எந்த விலையிலும் அசையாது என்றிருந்தால் அந்த வேலிக்குத் தேவையே இருந்திருக்காது.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: ஒரு கம்பெனி வைக்க முடியாது, போட்டி தின்றுவிடும். எல்லா உப்பும் ஒரே கையில் இருந்தால் நெடுந்தூரம் ஏற்றலாம். ஆனால் ஏற்ற ஏற்றக் குடும்பச் செலவில் உப்பின் பங்கு பெருகி, மாட்டுக்கும் மீனுக்கும் போகும் உப்பு குறைந்து, கள்ள உப்பு பெருகி, நெகிழ்ச்சி தானே ஏறிக்கொண்டு போகும். 0.08 என்பது 20 ரூபாய் விலைக்கான எண். கிலோ 500 ரூபாய்க்கு அதே எண் செல்லாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதைத் தவறாக எழுதும் மாணவர்கள் நிறைய. 2016 நவம்பரில், பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட சில நாட்களில், உத்தரப் பிரதேசம், டெல்லி முதலிய இடங்களில் உப்புத் தட்டுப்பாடு வருகிறது என்று வதந்தி பரவியது. கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. சில இடங்களில் கிலோ 200 ரூபாய்க்கும் மேல் விற்றது. தட்டுப்பாடு ஏதும் இல்லை என்று அரசு அறிவித்த பிறகு அடங்கியது. விலையும் ஏறி, விற்பனையும் ஏறியதால், உப்பின் நெகிழ்ச்சி நேர்க்குறி என்று கணக்கிட்டுவிடக் கூடாது. நெகிழ்ச்சி என்பது மற்றவை எல்லாம் அப்படியே இருக்க, விலை மட்டும் மாறும்போது அளவு எப்படி மாறுகிறது என்பது. அந்த வதந்தியால் மாறியது மக்களின் எதிர்பார்ப்பு. நாளை கிடைக்காது என்ற பயத்தில் எந்த விலையிலும் முன்பைவிடக் கூடுதலாக வாங்கத் தயாரானார்கள். எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோடே வலப்பக்கம் நகர்ந்தது, அதனால் விலை ஏறியது. இங்கே விலை காரணமல்ல, விளைவு. இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு: அடுத்த மாதங்களின் விற்பனையைப் பாருங்கள். பயத்தில் ஐந்து கிலோ வாங்கி வைத்தவர் அதைத் தீர்க்கும்வரை கடைப்பக்கம் வரமாட்டார், விற்பனை வழக்கத்தைவிடக் கீழே போகும். சில மாதங்களின் சராசரியை எடுத்தால் பழைய அளவுக்கே வந்து நிற்கும், சமைத்த உப்பு எப்போதும் அதே அளவாகவே இருந்திருக்கும்.